செட்டாப் பாக்ஸ் கச்சேரிப் பதிவைச் சுத்தம் செய்த கதை

எங்கள் பெரியப்பா மிருதங்க வித்வான். அவர் பக்கவாத்தியம் வாசித்த மார்கழிக் கச்சேரி ஒன்று டிவியில் வரப்போகிறது என்று தெரிந்ததும், கும்பகோணத்து வீட்டில் இருக்கும் செட்டாப் பாக்ஸில் பென் டிரைவைச் செருகி நேரம் குறித்து வைத்தோம். பதிவு ஆகிவிட்டது. ஆனால் அதை விளம்பரம் இல்லாத, படமும் ஒலியும் பொருந்தி ஓடுகிற ஒரே ஃபைலாக மாற்றி அவர் கையில் கொடுப்பதற்குள் பொங்கல் போய் மாசியும் பிறந்துவிட்டது. ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது. அதில் ஒரு ரூபாய்கூடப் பயன்படவில்லை. கடைசியில் வேலையை முடித்துக் கொடுத்த மென்பொருள்கள் எல்லாமே இலவசம் என்பது எனக்கு இன்னும் ஆறாத வயிற்றெரிச்சல். பென் டிரைவில் `.ts` ஃபைல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளில் இருந்து வருவது. அதில் பூட்டு இல்லாமல் வரும் சேனலைப் பதிவு செய்தால், காற்றில் வந்த தரவு அப்படியே பென் டிரைவில் இறங்குகிறது. மாதக் கட்டணம் வாங்கும் டிடிஎச் பாக்ஸ்களில் செய்யும் பதிவு பெரும்பாலும் அந்தப் பாக்ஸில் மட்டும் திறக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு நான் எழுதும் எதுவும் உதவாது. வீட்டில் பார்ப்பதற்காக, பூட்டில்லாத பதிவைச் சரிசெய்வது பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்ததும் `ALIDVRS2` என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் சேனல் பெயரும் தேதியும் சேர்ந்த இன்னொரு ஃபோல்டர். அதற்குள் `000.ts`, `001.ts`, `002.ts`, `003.ts` என்று நான்கு ஃபைல்கள், கூடவே பாக்ஸ் தன் கணக்குக்கு எழுதி வைத்த ஒரு சின்ன `.dvr` ஃபைல். பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் பாக்ஸ்கள் பதிவைத் துண்டு துண்டாக எழுதுகின்றன. எங்களுடையது சுமார் ஒரு ஜிபிக்கு ஒரு துண்டு. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பதிவு நான்கு துண்டாகியிருந்தது.

கம்ப்யூட்டரில் ஃபைல் ஓடியது. டிவியில் செருகினால் ஓடவில்லை, அல்லது ஓடினாலும் முன்னே பின்னே நகர்த்த முடியவில்லை. ஒரு டிவி அந்த அரை மணி நேரத் துண்டை 26 மணி நேரம் என்று காட்டியது. நகரத்தில் வீடியோ மாற்றித் தரும் கடை ஒன்றில் கொடுத்தேன். விளம்பரத்தை நீக்கி எம்பி4 ஆக்கித் தர 3,200 ரூபாய். வாங்கி வந்து பெரியப்பா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். ஆரம்பத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வயலின் வில் அசையும்போது விளிம்பெல்லாம் கிடைக்கோடு கிடைக்கோடாகப் பிரிந்து தெரிந்ததையும், பாடகர் வழக்கத்தைவிட ஒல்லியாகத் தெரிந்ததையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனி ஆவர்த்தனம் வந்தது. பெரியப்பா முன்னால் சாய்ந்து பார்த்தார். கோர்வை முடிந்து சமத்துக்கு வரும் இடத்தில் அவர் கை வலந்தலைக்கு மேலே, காற்றில் நிற்கிறது. அடி விழும் முன்பே சத்தம் கேட்டுவிட்டது. அடுத்த ஆவர்த்தனத்திலும் அப்படியே. "நிறுத்தப்பா. தாளம் தெரியாதவன் வாசிக்கிற மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். ஐம்பது வருடம் வாசித்தவருக்கு அதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடையில் கேட்டேன். சேனலிலேயே அப்படித்தான் வந்திருக்கும் என்றார்கள். பிறகு இணையத்தில் விளம்பரம் பார்த்து ஒரு கன்வெர்ட்டர் மென்பொருளை 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். அதிலும் ஏறத்தாழ அதே விளைவு. அதற்குப் பிறகுதான், இந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். காரணம் புரிந்ததும் வேலை எளிதாகிவிட்டது. ஆகவே காரணத்தை முதலில் சொல்கிறேன்.

`.ts` ஃபைல் ஒரு சரக்கு ரயில் போன்றது. ஒவ்வொரு பெட்டியும் 188 பைட். சில பெட்டிகளில் படத்தின் பகுதி, சிலவற்றில் ஒலியின் பகுதி, இன்னும் சிலவற்றில் நிகழ்ச்சி அட்டவணை போன்ற சங்கதிகள், எல்லாம் கலந்து ஓடும். ஒவ்வொரு படத்தோடும் ஒலித்துண்டோடும் அது எப்போது தோன்ற வேண்டும் என்ற நேர முத்திரை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். வினாடிக்கு 90,000 என்ற வேகத்தில் ஏறும் எண் அது. ஒளிபரப்பு நிலையத்தின் கடிகாரம் எங்கே நின்றதோ அந்த எண்ணில் இருந்துதான் உங்கள் பதிவு ஆரம்பிக்கும், சுழியத்தில் இருந்து அல்ல. சுமார் 26 மணி 30 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண் நிரம்பித் திரும்பவும் சுழியத்துக்கு வந்துவிடும். அந்தத் திருப்பம் உங்கள் பதிவின் நடுவில் விழுந்தால், கணக்குத் தெரியாத பிளேயர் ஃபைலின் நீளம் 26 மணி நேரம் என்று காட்டும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம்.

இப்போது மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃப்ரீ டிஷ் கேயூ பேண்டில் வருகிறது. பெருமழை பெய்தால் அந்த அலைவரிசை தளர்ந்துவிடும். டெல்டாவில் மார்கழி முதல் பாதியில் வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் இருக்கும். எங்கள் பதிவின்போதும் இரண்டு முறை நல்ல மழை. அந்த இடங்களில் பெட்டிகள் தொலைந்திருந்தன. படம் சதுரம் சதுரமாக உடைந்து, ஒலி ஓரிரு நொடி விட்டு விட்டு வந்தது. நேர முத்திரையை மதிக்கும் மென்பொருள், தொலைந்த இடத்தில் காத்திருந்து, அடுத்த ஒலியை அதற்கு உரிய நேரத்தில் சரியாக வைக்கும். மதிக்காத மென்பொருள் என்ன செய்கிறது? படத்தில் குறைந்த பிரேம்களுக்குப் பதிலாக முந்தைய பிரேமையே திரும்பப் போட்டு நீளத்தைச் சரிக்கட்டிக்கொள்கிறது. ஒலியை மட்டும் இடைவெளி இல்லாமல் வரிசையாக ஒட்டிவிடுகிறது. ஒலியில் ஒன்றரை வினாடி தொலைந்திருந்தால், அங்கிருந்து கடைசி வரை ஒலி ஒன்றரை வினாடி முந்தி ஓடும். பெரியப்பாவின் கை இறங்கும் முன்பே சத்தம் வந்த மர்மம் இதுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. படமும் ஒலியும் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகியிருந்தால், அது ஃபைலைச் சேர்த்தபோது வந்த நகர்வு. ஆரம்பத்தில் சரியாக இருந்து, குறிப்பிட்ட ஓர் இடத்துக்குப் பிறகு திடீரென விலகினால், அங்கே தரவு தொலைந்திருக்கிறது. எங்களுடையதில் விலகல் இரண்டு படியாக ஏறியது. இரண்டு படியும் மழை பெய்த இடங்களில்.

தரவு தொலைவதற்கு மழை தவிர இன்னொரு காரணமும் உண்டு. பென் டிரைவ் மெதுவானதாக இருந்தால் பாக்ஸ் எழுதும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காமல் இடையிடையே விட்டுவிடும். நேரலையில் பார்க்கும்போது படம் தெளிவாக இருந்து, பதிவில் மட்டும் உடைந்தால் பென் டிரைவைத்தான் சந்தேகிக்க வேண்டும். நல்ல வெயில் நாளில் பத்து நிமிடம் பதிவு செய்து பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கள் பாக்ஸின் ரெக்கார்டிங் மெனுவில் பதிவு வகை டிஎஸ்ஸா பிஎஸ்ஸா என்று கேட்கும் ஓர் இடம் இருக்கிறது. டிஎஸ்ஸையே வைத்திருங்கள். சிறு சிறு பெட்டியாக ஓடுவதால், நடுவில் சில தொலைந்தாலும் அடுத்த பெட்டியில் இருந்து மீண்டும் பிடித்துக்கொள்ளும் வகை அதுதான்.

சரி, வேலை முறைக்கு வருகிறேன். வரிசை முக்கியம். முதலில் துண்டுகளைச் சேர்க்க வேண்டும், பிறகு பழுதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அதற்குப் பிறகே விளம்பரத்தை வெட்ட வேண்டும். கடைக்காரர்கள் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எம்பி4 ஆக்கி, பிறகு நான்கையும் ஒட்டியிருந்தார்கள். துண்டு பிரியும் இடத்தில் ஒரு 188 பைட் பெட்டியே பாதி இங்கும் பாதி அங்குமாகக் கிடக்கலாம். அடுத்த துண்டின் முதல் சில படங்கள் முந்தைய துண்டில் இருக்கும் படத்தை நம்பியிருக்கும். தனித்தனியாக மாற்றினால் ஒவ்வொரு சந்திப்பிலும் கொஞ்சம் தொலையும். எங்களுக்கு மூன்று சந்திப்புகள். ஒன்று ஆலாபனை நடுவிலேயே வந்தது.

டிஎஸ் ஃபைலின் பெரிய வசதி, துண்டுகளை எந்த மாற்றமும் செய்யாமல் பைட்டுக்குப் பைட் ஒட்டினாலே போதும். எம்பி4 ஃபைலில் இப்படிச் செய்ய முடியாது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டினால் போதும். `/b` என்பதை விட்டுவிடாதீர்கள்.

```
copy /b 000.ts+001.ts+002.ts+003.ts whole.ts
```

நான்கு ஃபைல்களின் அளவைக் கூட்டி, புதிய ஃபைலின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பைட் மாறாமல் பொருந்த வேண்டும். அடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க `ffprobe whole.ts` என்று தட்டலாம். `ffmpeg` என்ற இலவச மென்பொருளோடு அதுவும் சேர்ந்தே வரும். எங்கள் பதிவில் படம் `mpeg2video`, 720x576, வினாடிக்கு 25 பிரேம். ஒலி `mp2`, 48000 ஹெர்ட்ஸ். அந்த வரியில் `top first` என்றும் இருந்தது. அதன் பொருளைப் பின்னால் சொல்கிறேன்.

பழுதைக் கண்டறிய, ஃபைல் முழுவதையும் ஒருமுறை பிரித்துப் படிக்கச் சொல்லி, வரும் புகார்களை மட்டும் ஓர் உரைக்கோப்பில் சேமித்துக்கொண்டேன்.

```
ffmpeg -v error -i whole.ts -map 0:v:0 -map 0:a:0 -f null - 2> errors.txt
```

முதல் சில வரிகள் புகாராக இருந்தால் கவலை இல்லை. பதிவு எப்போதும் ஏதோ ஒரு படத்தின் நடுவில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லையென்றால் பதிவு சுத்தம். எங்களுடையதில் `ac-tex damaged` என்ற வரி கொத்தாக வந்தது, படம் உடைந்ததற்கு. `Header missing` என்பது ஒலித்துண்டு உடைந்ததற்கு. மழை பெய்த பதிவில் இந்தப் புகார்கள் இப்படிக் குவியலாக இருக்கும். நல்ல வானிலையில் செய்த வேறொரு பதிவில் முதல் இரண்டு வரியோடு நின்றுவிட்டது.

சுத்தமான பதிவு என்றால், படத்தையும் ஒலியையும் தொடாமல் வெளி உறையை மட்டும் மாற்றினால் போதும். `-c copy` என்றால் அதுதான் பொருள். தரம் துளியும் குறையாது, இரண்டு மணி நேரப் பதிவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடையில் கொடுத்த ஃபைல் தரம் குறைந்திருந்ததற்குக் காரணம், தேவையில்லாமல் எல்லாவற்றையும் மறுபடி சுருக்கியதுதான். பழுதான பதிவுக்குப் படத்தை அப்படியே விட்டு, ஒலியை மட்டும் மறுபடி எழுதி, தொலைந்த இடங்களில் மௌனத்தை நிரப்பச் சொல்ல வேண்டும்.

```
ffmpeg -fflags +genpts -i whole.ts -map 0:v:0 -map 0:a:0 -c:v copy -c:a mp2 -b:a 256k -af aresample=async=1 clean.mkv
```

இதில் உயிரான பகுதி `aresample=async=1`. நேர முத்திரையைப் பார்த்து, ஒலி குறைந்த இடத்தில் மௌனத்தை வைக்கும், மிகுந்தால் நறுக்கும். அந்த 1 என்ற எண்ணுக்குப் பதிலாக 1000 என்று போடச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பெரிய எண் கொடுத்தால் மென்பொருள் ஒலியை இழுத்தும் சுருக்கியும் பொருத்தப் பார்க்கும். பேச்சுக்கு அது தெரியாமல் போகலாம். தம்புரா சுருதி ஓடிக்கொண்டிருக்கும் கச்சேரியில் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நொடி மௌனத்தைக் காது மன்னிக்கும், சுருதி அசைவதை மன்னிக்காது.

எம்கேவி உறையைத் தேர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. `mp2` ஒலியை எம்பி4 உறைக்குள் வைத்தால் பல டிவிகளும் செல்பேசிகளும் படத்தைக் காட்டிவிட்டு ஊமையாக இருந்துவிடும். எம்கேவியில் அந்தத் தொல்லை குறைவு. `clean.mkv` வந்ததும் நான் விளம்பரத்தைத் தேடப் போகவில்லை. நேராகத் தனி ஆவர்த்தனத்துக்குப் போய்ப் பார்த்தேன். கை இறங்கும் கணத்தில் சத்தம். இரண்டு மழைகளுக்கும் பிந்தைய இடம் அது. அங்கே பொருந்தினால் எல்லா இடத்திலும் பொருந்தும். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இனி விளம்பரம். விளம்பரத்தைத் தானே கண்டுபிடிக்கும் காம்ஸ்கிப் என்ற மென்பொருள் இருக்கிறது. இடையில் வரும் கறுப்புப் பிரேம், மௌனம், சேனல் சின்னம் மறைவது போன்ற அடையாளங்களை வைத்து அது கணிக்கிறது. எங்கள் பதிவில் விளம்பரத்தின்போதும் சின்னம் மூலையிலேயே இருந்தது, கறுப்புப் பிரேமும் அரிது. அதனால் அதன் கணிப்பு கச்சேரியின் பாதியைத் தூக்கிவிட்டது. ஆனால் கச்சேரிக்கென்றே ஒரு நல்ல வழி எனக்கு அகப்பட்டது. மேடையில் தம்புரா ஓயாது. பாட்டு நின்றாலும் சுருதி ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் இல்லாவிட்டால் கைதட்டல் இருக்கும். முழு மௌனம் என்பது ஒரு விளம்பரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடுக்கில்தான் வரும். ஆகவே மௌனத்தைத் தேடினால் விளம்பர இடைவேளை அகப்பட்டுவிடும்.

```
ffmpeg -i clean.mkv -vn -af silencedetect=noise=-50dB:d=0.2 -f null -
```

திரையில் `silence_start` என்று நேரங்கள் வினாடியில் வரும். தனியாக ஒன்று வந்தால் அது மழையில் நாம் நிரப்பிய மௌனமாக இருக்கலாம். நான்கைந்து நிமிடத்துக்குள் பல நேரங்கள் நெருக்கமாகக் குவிந்திருந்தால் அது விளம்பர இடைவேளை. எங்களுக்கு மூன்று குவியல்கள் வந்தன. இந்த உத்தி நாடகத்துக்கோ பேட்டிக்கோ பயன்படாது, அவற்றில் மௌனம் எங்கும் இருக்கும். அப்படிப்பட்ட பதிவுக்கு `LosslessCut` என்ற இலவச மென்பொருளில் ஒலியின் அலைவடிவத்தைப் பார்த்துத் தேடுவதே நல்லது. பெரும்பாலும் விளம்பரம் தடித்த பட்டையாகத் தெரியும்.

இடத்தைக் கண்டுபிடித்த பிறகு வெட்டும் துல்லியம் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒளிபரப்பில் எல்லாப் பிரேமும் முழுப் படம் அல்ல. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும், அதற்கு முதன்மைப் பிரேம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இடையில் வருபவை அதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். எங்கள் பதிவில் 12 பிரேமுக்கு ஒரு முதன்மைப் பிரேம், அதாவது ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒன்று. மறுபடி சுருக்காமல் வெட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு பகுதியும் முதன்மைப் பிரேமில்தான் தொடங்க முடியும். நீங்கள் சொல்லும் நேரத்தில் அது இல்லாவிட்டால், `ffmpeg` பின்னால் போய் முந்தைய முதன்மைப் பிரேமைப் பிடிக்கும். `LosslessCut` உள்ளே அதையே பயன்படுத்துவதால் வழக்கமாக அப்படியே செய்யும். எம்கேவி ஃபைல்களை வெட்டி ஒட்டும் `mkvmerge` என்ற இன்னோர் இலவச மென்பொருள் முன்னால் போய் அடுத்ததைப் பிடிக்கும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் போனால், விளம்பரத்துக்குப் பிறகு வரும் பாட்டின் முதல் அட்சரம் போய்விடும். எங்கள் சேனல் இடைவேளை முடிந்து திரும்பும்போது பாட்டு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. விளம்பரத்தின் வால் அரை வினாடி தெரிந்தாலும் பரவாயில்லை, பாட்டில் எதுவும் போகக் கூடாது என்று முடிவு செய்து, `mkvmerge` கட்டளையில் ஒவ்வொரு தொடக்க நேரத்தையும் அரை வினாடி முந்தியதாகக் கொடுத்தேன்.

எங்கள் கச்சேரி இப்படி இருந்தது. பதிவை ஐந்து நிமிடம் முன்னதாக வைத்திருந்ததால் நிகழ்ச்சி 4 நிமிடம் 52 வினாடியில் தொடங்கியது. முதல் இடைவேளை 31:16 முதல் 35:40 வரை. இரண்டாவது 58:03 முதல் 1:02:45 வரை. மூன்றாவது 1:27:20 முதல் 1:31:38 வரை. மங்களம் முடிந்தது 1:58:30க்கு. வைத்துக்கொள்ள வேண்டிய பகுதிகளை மட்டும் சொன்னால், ஒரே கட்டளை வெட்டி ஒட்டியும் தந்துவிடும். கூட்டல் குறி போட்ட பகுதி முந்தைய பகுதியோடு சேரும்.

```
mkvmerge -o kutcheri.mkv --split parts:00:04:51.5-00:31:16,+00:35:39.5-00:58:03,+01:02:44.5-01:27:20,+01:31:37.5-01:58:30 clean.mkv
```

விளம்பரம் மட்டும் 13 நிமிடம் 24 வினாடி போயிற்று. மிஞ்சியது ஒரு மணி 40 நிமிடம். இந்தக் கணக்கை முன்கூட்டியே தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்த ஃபைலின் நீளம் ஓரிரு வினாடிக்கு மேல் வேறுபட்டால் நேரங்களில் எங்கோ எண் மாறியிருக்கிறது. ஒட்டிய மூன்று இடங்களையும் முன்னும் பின்னும் பத்து வினாடி பாருங்கள். சந்திப்பில் ஒரு கணம் படம் சதுரமாகக் கலைந்து மறைந்தால், தொடக்கத்தில் வரும் ஓரிரு பிரேம்கள் வெட்டப்பட்ட பகுதியைச் சார்ந்திருந்தன என்று பொருள். தொடக்கத்தை அரை வினாடி நகர்த்தி மறுபடி வெட்டினால் பல நேரம் சரியாகிவிடும். படத்தின் அடியில் ஓடும் விளம்பரப் பட்டையை மட்டும் எதனாலும் எடுக்க முடியாது, அது படத்தோடு படமாக வந்தது.

பெரியப்பா வீட்டு டிவி `kutcheri.mkv` ஃபைலை அப்படியே ஓட்டியது. முன்னே பின்னே நகர்த்தவும் முடிந்தது. தனி ஆவர்த்தனத்தைத் தானே ரிமோட்டை வாங்கி இரண்டு முறை போட்டுப் பார்த்தார். மழையில் மௌனமான ஓர் இடத்தில், "இங்கே என்ன வாசித்தேன் தெரியுமா" என்று தொடையில் தட்டிக் காட்டினார்.

செல்பேசியில் அனுப்ப வேண்டும் என்று அக்கா கேட்டபோதுதான் மறுபடி சுருக்குவது தேவைப்பட்டது. அதையும் கடைசி வேலையாக, வெட்டி முடித்த ஃபைலின் மேல் மட்டும் செய்தேன். இங்கேதான் `top first` வருகிறது. பழைய ஒளிபரப்பு முறையில் ஒவ்வொரு பிரேமும் இரண்டு அரைப்படங்களின் பின்னல். ஒன்றுக்கும் மற்றதற்கும் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேர வித்தியாசம். டிவி அதைத் தானே பிரித்துக் காட்டிக்கொள்ளும். செல்பேசியில் பெரும்பாலும் அது நடக்காது. பிரிக்காமல் சுருக்கினால் வயலின் வில் கோடு கோடாகத் தெரியும். கடை ஃபைலில் பார்த்தது அதைத்தான். `bwdif` என்ற வடிகட்டி அதைப் பிரித்து வினாடிக்கு 50 படமாக்கும். மிருதங்கத்தில் விரல் ஓடுவதும் அப்போது குழம்பாமல் தெரிகிறது.

```
ffmpeg -i kutcheri.mkv -vf bwdif=mode=send_field -c:v libx264 -crf 20 -c:a aac -b:a 192k kutcheri.mp4
```

பாடகர் ஒல்லியானதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. 720x576 என்ற புள்ளிக்கணக்கைப் பார்த்து அதே விகிதத்தில் காட்டிவிடக் கூடாது. இந்தப் படத்தின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. எந்த விகிதத்தில் விரித்துக் காட்ட வேண்டும் என்பது ஃபைலுக்குள்ளேயே குறித்திருக்கும், `ffprobe` காட்டும் வரியில் `DAR` என்று இருப்பது அதுதான். எங்களுடையது 16:9. மேலே உள்ள கட்டளை அந்தக் குறிப்பைக் காப்பாற்றிக் கொண்டுபோகும். கடையின் மென்பொருள் அதைத் தூக்கி எறிந்திருந்தது.

எச்டி சேனலில் பதிவு செய்தவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. அவற்றில் படம் பெரும்பாலும் `h264` ஆக இருக்கும். சேர்ப்பது, பழுது பார்ப்பது, ஒலியை நிரப்புவது எல்லாம் இதே முறைதான். ஆனால் முதன்மைப் பிரேம்கள் இன்னும் தள்ளித் தள்ளி வரும், இடைவெளி ஒன்றிரண்டு வினாடிகூட இருக்கலாம். தொடக்கத்தை அரை வினாடி முந்தியதாகக் கொடுப்பது அங்கே போதாது. `LosslessCut` திரையில் முந்தைய, அடுத்த முதன்மைப் பிரேமுக்குத் தாவும் பொத்தான்கள் இருக்கின்றன. இடைவேளைக்குப் பின் எங்கே முதன்மைப் பிரேம் விழுகிறது என்று அவற்றை வைத்துப் பார்த்து, பாட்டு தொடங்குவதற்கு முந்தையதை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தின் வால் ஒரு வினாடி கூடுதலாகத் தெரியும். மூல `.ts` துண்டுகளை, எல்லாச் சந்திப்பையும் பார்த்து முடிக்கும் வரை பென் டிரைவில் இருந்து அழிக்க வேண்டாம்.